புகைத்தவர்கள்தான் அதிகம் பிழைத்தார்களா?

இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் நகரத்துக்குப் பக்கத்தில் விக்கம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1972-ல் தொடங்கி 1974 வரை அந்த வட்டாரத்தில் மருத்துவர்கள் பெரிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தினார்கள். வாக்காளர் பட்டியலை எடுத்து, ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தைராய்டு கோளாறும் இதய நோயும் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். ரத்தம் எடுத்தார்கள், உடலைப் பரிசோதித்தார்கள், வழக்கமான கேள்விகளையும் கேட்டார்கள். அவற்றில் ஒன்று: ‘சிகரெட் பிடிப்பீர்களா?’

20 ஆண்டுகள் கழித்து, அதே ஆட்களைத் தேடி மறுபடியும் ஓர் ஆய்வு நடந்தது. யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இறந்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார்கள். அப்போது கிடைத்த ஒரு கணக்கு, புள்ளியியல் படிப்பவர்களுக்கு இன்றும் பாடமாக இருக்கிறது.

அந்தக் கணக்கில் இருப்பவர்கள் 1,314 பெண்கள். முதல் கணக்கெடுப்பின்போது இவர்களில் 582 பேர் புகைத்துக்கொண்டிருந்தார்கள். மீதி 732 பேர் வாழ்க்கையில் ஒருமுறைகூடப் புகைக்கும் பழக்கம் இல்லாதவர்கள். முன்பு புகைத்து, பிறகு விட்டுவிட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. 

20 ஆண்டுகளுக்குப் பின் நிலவரம் இது:

புகைத்த 582 பேரில் இறந்தவர்கள் 139. அதாவது 100-க்கு 24 பேர்.

புகைக்காத 732 பேரில் இறந்தவர்கள் 230. அதாவது 100-க்கு 31 பேர்.

மறுபடி படித்தாலும் அதே எண்கள்தான். புகைத்தவர்கள் குறைவாக இறந்திருக்கிறார்கள், சிகரெட்டைத் தொடாதவர்கள் அதிகமாக இறந்திருக்கிறார்கள்! வீட்டில் புகைக்கும் பெரியவர் ஒருவர் கையில் இந்த இரண்டு வரிகள் கிடைத்தால் போதும், ‘விட்டுவிடுங்கள்’ என்று சொல்லும் மகளின் வாயை ஒரே நொடியில் அடைத்துவிடுவார்.

இது யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இல்லை. மாதிரி சிறியது என்று ஒதுக்கவும் முடியாது, 1,300 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பதில் சொன்னவர்கள் பொய் சொல்லியிருக்கலாம் என்பதும் இங்கே எடுபடாது. இறப்பு என்பது கருத்துக்கணிப்பு இல்லையே. எண்ணியதில் பிழை இல்லை, கூட்டியதில் பிழை இல்லை, சதவிகிதத்திலும் பிழை இல்லை. ஆனாலும் அந்த இரண்டு வரிகள் சொல்வதுபோலத் தோன்றும் செய்தி தவறு.

வயதைக் கேட்டதும் கதை மாறியது

டேவிட் ஆப்பிள்டன், ஜாய்ஸ் பிரெஞ்ச், மார்க் வாண்டர்பம்ப் ஆகிய மூவரும் இந்தக் கணக்கை 1996-ல் ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் செய்தது ஒன்றுதான். 1,314 பெண்களையும் ஒரே கூட்டமாக எண்ணாமல், முதல் கணக்கெடுப்பின்போது இருந்த வயதைப் பார்த்துப் பிரித்து எண்ணினார்கள். அவர்கள் பிரித்தது ஏழு பிரிவுகளாக. அவற்றைச் சேர்த்து மூன்றாக்கினால் படிக்க எளிதாக இருக்கும்.

18 முதல் 44 வயது வரை: புகைத்தவர்கள் 288 பேர், இறந்தவர்கள் 19. புகைக்காதவர்கள் 340 பேர், இறந்தவர்கள் 13. அதாவது புகைத்தவர்களில் 100-க்கு ஏறக்குறைய 7, புகைக்காதவர்களில் 100-க்கு 4.

45 முதல் 64 வயது வரை: புகைத்தவர்கள் 245 பேர், இறந்தவர்கள் 78. புகைக்காதவர்கள் 199 பேர், இறந்தவர்கள் 52. அதாவது 100-க்கு 32, எதிரே 100-க்கு 26.

65 வயதும் அதற்கு மேலும்: புகைத்தவர்கள் 49 பேர், இறந்தவர்கள் 42. புகைக்காதவர்கள் 193 பேர், இறந்தவர்கள் 165. இரண்டு பக்கமும் 100-க்கு சுமார் 86, ஏறக்குறைய சமம். மிக நுணுக்கமாகப் பார்த்தால் புகைத்தவர்கள் பக்கம் ஒரு துளி அதிகம்.

இளையவர்களில் புகைத்தவர்கள் அதிகம் இறந்திருக்கிறார்கள். நடுவயதிலும் அப்படியே. முதியவர்களில் இரண்டும் சமம். எந்தப் பிரிவிலும் புகைத்தவர்களுக்குச் சாதகமாக எதுவும் இல்லை. ஆனால் இந்த மூன்றையும் கூட்டினால் 582-க்கு 139, 732-க்கு 230 என்று அதே பழைய கணக்குதான் வருகிறது. சந்தேகம் இருப்பவர்கள் கூட்டிப் பார்க்கலாம். பிரித்தால் ஒரு பதில், சேர்த்தால் அதற்கு நேர் எதிரான பதில்!

இந்த விசித்திரத்துக்குத்தான் ‘சிம்ப்சன் முரண்’ என்று பெயர்.

எங்கே ஒளிந்திருந்தது?

மேலே உள்ள மூன்று பிரிவுகளில் இறந்தவர்களை விட்டுவிட்டு, தலைகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். புகைத்த 582 பேரில் 65 வயதைத் தாண்டியவர்கள் வெறும் 49 பேர், ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவர்தான். புகைக்காத 732 பேரிலோ 193 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். கால்வாசிக்கும் மேல்.

65 வயதைத் தாண்டிய ஒருவர் அடுத்த 20 ஆண்டுகளுக்குள் இறப்பது, புகைத்தாலும் புகைக்காவிட்டாலும், பெரும்பாலும் நடக்கக்கூடியதுதான். புகைக்காதவர்கள் பக்கம் நிகழ்ந்த 230 மரணங்களில் 165 மரணங்கள் இந்தப் பாட்டிகளுடையவை. அவர்களைக் கொண்டுபோனது முதுமை. முழுக்கணக்கில் அந்த முதுமையின் பழி, ‘புகைக்காமல் இருந்தது’ என்ற காரணத்தின் தலையில் விழுந்துவிட்டது.

முதியவர்களில் புகைப்பவர்கள் ஏன் அவ்வளவு குறைவு? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 1972-ல் 65 வயதைத் தாண்டியிருந்த பெண்கள் 1900-களின் தொடக்கத்திலோ அதற்கு முன்போ பிறந்தவர்கள். அவர்கள் இளம்பெண்களாக இருந்த காலத்தில் பிரிட்டனில் பெண்கள் சிகரெட் பிடிப்பது அபூர்வம். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில்தான் அந்தப் பழக்கம் பெண்களிடையே வேகமாகப் பரவியது. அதனால் இளைய தலைமுறையில் புகைப்பவர்கள் அதிகம், மூத்த தலைமுறையில் குறைவு.

இரண்டாவது காரணம் இன்னும் கசப்பானது. மூத்த தலைமுறையில் புகைத்தவர்கள் சிலர், கணக்கெடுப்புக்காரர்கள் வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பே இறந்து போயிருப்பார்கள். இறந்தவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்காது. கணக்கில் அவர்களுக்கு இடமே இல்லை.

இரண்டு சகோதரிகளின் மதிப்பெண்

எண்கள் இப்படி எப்படிக் குட்டிக்கரணம் போடுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, கற்பனையாக ஒரு வீட்டுக் கணக்கைப் பார்க்கலாம்.

ஒரு வீட்டில் அக்காவும் தங்கையும் இருக்கிறார்கள். இருவரும் ஆளுக்கு 100 கணக்குகள் போட்டிருக்கிறார்கள். அக்கா போட்டதில் 67 சரி, தங்கை போட்டதில் 82 சரி. தங்கைதான் கெட்டிக்காரி என்று அப்பா சொல்லிவிடுகிறார்.

அம்மா நோட்டைப் பிரித்துப் பார்க்கிறார். புத்தகத்தில் சுலபமான கணக்குகளும் இருக்கின்றன, கடினமான கணக்குகளும் இருக்கின்றன. அக்கா சுலபமானவற்றில் 20 மட்டும் எடுத்து 19 சரியாகப் போட்டிருக்கிறாள். கடினமானவற்றில் 80 எடுத்து 48 சரி. தங்கை சுலபமானவற்றில் 80 எடுத்து 72 சரி. கடினமானவற்றில் 20 எடுத்து 10 சரி.

சுலபமான கணக்கில் அக்காவுக்கு 95 சதவிகிதம், தங்கைக்கு 90. கடினமான கணக்கில் அக்காவுக்கு 60 சதவிகிதம், தங்கைக்கு 50. இரண்டிலும் அக்காதான் மேல். ஆனால் அக்கா தன் நேரத்தில் பெரும்பகுதியைக் கடினமான கணக்குகளோடு மல்லுக்கட்டுவதில் செலவழித்தாள். அவளுடைய மொத்த மதிப்பெண் கடினமான கணக்குகளின் பக்கம் இழுபட்டுக் கீழே போனது. தங்கையின் மொத்தம் சுலபமான கணக்குகளின் பக்கம் இழுபட்டு மேலே போனது.

மொத்தச் சதவிகிதம் என்பது எப்போதும் ஒரு கலவைதான். அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு பிரிவிலும் எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பது. இன்னொன்று, எந்தப் பிரிவில் எத்தனை எடுத்தார்கள் என்பது. இரண்டாவது விஷயம் முதல் விஷயத்தை மூழ்கடிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கும்போது, திசையே திரும்பிவிடுகிறது. விக்கம் பெண்களில் புகைக்காதவர்கள்தான் அந்த அக்கா. அவர்கள் பக்கம் முதுமை என்ற கடினமான கணக்கு நிறைய விழுந்திருந்தது.

நியாயமான ஒப்பீடு எப்படி?

சரி, அந்தக் கலவையைப் பிரித்தெடுத்து நியாயமாக ஒப்பிடுவது எப்படி? அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கு போடுபவர்கள் தினமும் பயன்படுத்துவது அது.

புகைக்காத 732 பெண்களை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களின் வயதும் அப்படியே இருக்கட்டும்: 340 இளையவர்கள், 199 நடுவயதினர், 193 முதியவர்கள். இப்போது ஒரு கேள்வி: இதே பெண்கள், இதே வயதில், புகைத்தவர்களின் இறப்பு வேகத்தில் இறந்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள்?

இளைய பிரிவில், புகைத்தவர்கள் 288-க்கு 19 பேர் இறந்தார்கள். அதே வேகத்தில் 340 பேருக்குக் கணக்கிட்டால் சுமார் 22. நடுவயதில் 245-க்கு 78. அதே வேகத்தில் 199 பேருக்கு சுமார் 63. முதியவர்களில் 49-க்கு 42. அதே வேகத்தில் 193 பேருக்கு சுமார் 165. தசமங்களையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தம் 251.

உண்மையில் இறந்தவர்கள் 230. ஆக, வயதைச் சமமாக வைத்துப் பார்த்தால் புகைத்தவர்களின் வேகம் 21 மரணங்களை அதிகமாகக் காட்டுகிறது. முதல் கணக்கில் சிகரெட் உயிரைக் காப்பாற்றுவதுபோலத் தோன்றியது. அதே எண்களிலிருந்து, யாரையும் சேர்க்காமல், யாரையும் நீக்காமல், எதிரான விடை வந்துவிட்டது.

இந்த முறையிலும் சில ஓட்டைகள் உண்டு, அவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழு பிரிவுகளாகப் பார்த்தால், 25 முதல் 34 வயது வரையிலான ஒரு பிரிவில் மட்டும் புகைத்தவர்கள் கொஞ்சம் குறைவாக இறந்திருக்கிறார்கள். புகைத்த 124 பேரில் 3 மரணம், புகைக்காத 157 பேரில் 5 மரணம். அந்த வயதில் சிகரெட் நல்லது என்று அர்த்தமா? இல்லை. மூன்று, ஐந்து என்ற சிறிய எண்களில் ஒரே ஒரு விபத்து நடந்தாலும் கணக்கு புரண்டுவிடும். பிரிவுகளைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டே போனால், ஒவ்வொரு துண்டிலும் தற்செயல்தான் மிஞ்சும்.

இன்னொரு பக்கம், 75 வயதைத் தாண்டியிருந்த 77 பெண்களில் ஒருவர்கூட 20 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இல்லை. புகைத்த 13 பேரும் இல்லை, புகைக்காத 64 பேரும் இல்லை. போதுமான காலம் காத்திருந்தால் எந்தப் பழக்கத்துக்கும் இறப்பு 100 சதவிகிதம்தான். அந்தப் பிரிவிலிருந்து சிகரெட்டைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. முதியவர்கள் பிரிவில் வித்தியாசம் மங்கிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் எப்போதும் பிரிக்க வேண்டுமா?

இதுவரை படித்தவர்களுக்கு, ‘மொத்தக் கணக்கை நம்பாதே, பிரித்த கணக்கை நம்பு’ என்பதுதான் பாடம் என்று தோன்றலாம். பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் யார் பெயரில் இந்த முரண் அழைக்கப்படுகிறதோ, அந்த எட்வர்ட் சிம்ப்சன் சொன்னது இது இல்லை.

சிம்ப்சன் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் ரகசியச் சங்கேதங்களை உடைக்கும் பிளெட்ச்லி பார்க் மையத்தில் வேலை செய்தவர். போர் முடிந்த பிறகு கேம்பிரிட்ஜில் புள்ளியியல் படித்தார், பின்னர் அரசுப் பணிக்குப் போய்விட்டார். இந்த விஷயத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1951-ல் வெளியானது. இதை முதலில் கவனித்தவர் அவர் இல்லை. ஜார்ஜ் யூல் 1903-லேயே எழுதியிருக்கிறார். 1972-ல் காலின் பிளைத் என்பவர்தான் இதற்கு சிம்ப்சனின் பெயரை வைத்தார்.

சிம்ப்சன் தன் கட்டுரையில் ஒரே எண்களை வைத்து இரண்டு கதைகள் சொன்னார்.

முதல் கதை ஒரு சிகிச்சை பற்றியது. நோயாளிகள் 52 பேர். சிகிச்சை பெற்ற 40 பேரில் 20 பேர் பிழைத்தார்கள். சிகிச்சை பெறாத 12 பேரில் 6 பேர் பிழைத்தார்கள். இரண்டும் சரிபாதி. சிகிச்சையால் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுகிறது.

ஆண்களை மட்டும் பார்த்தால், சிகிச்சை பெற்ற 13 பேரில் 8 பேர் பிழைத்தார்கள், பெறாத 7 பேரில் 4 பேர். சிகிச்சை பெற்றவர்களே மேல். பெண்களை மட்டும் பார்த்தால், சிகிச்சை பெற்ற 27 பேரில் 12 பேர், பெறாத 5 பேரில் 2 பேர். இங்கும் சிகிச்சை பெற்றவர்களே மேல். ஆண்களுக்கும் பயன் தருகிறது, பெண்களுக்கும் பயன் தருகிறது, மனிதர்களுக்கு மட்டும் பயன் இல்லை என்று எந்த மருத்துவராவது சொல்வாரா? இங்கே பிரித்த கணக்குதான் சரி. பெண்களுக்கு இந்த நோய் கடுமையாக இருந்தது, சிகிச்சை பெற்றவர்களிலும் பெண்களே அதிகம். விக்கம் கதையின் அதே சூத்திரம்.

இரண்டாவது கதையில் நோயாளிகள் இல்லை. ஒரு சீட்டுக்கட்டும் ஒரு குழந்தையும் மட்டும்தான்.

கட்டில் 52 சீட்டுகள். ராஜா, ராணி, ஜாக் என்று படம் போட்ட சீட்டுகள் 12. அவற்றில் 6 சிவப்பு, 6 கறுப்பு. மற்றவை 40. அவற்றில் 20 சிவப்பு, 20 கறுப்பு. படச் சீட்டிலும் பாதி சிவப்பு, சாதாரணச் சீட்டிலும் பாதி சிவப்பு. நிறத்துக்கும் படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது சீட்டாடும் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கட்டை ஒரு குழந்தை எடுத்து விளையாடிவிட்டது. அதற்குச் சிவப்பு நிறமும் பிடிக்கும், படங்களும் பிடிக்கும். அதனால் அவற்றை அதிகமாகத் தொட்டு அழுக்காக்கிவிட்டது. இப்போது சீட்டுகளை அழுக்கானவை, சுத்தமானவை என்று இரண்டாகப் பிரித்தால் என்ன ஆகும்?

அழுக்கான சாதாரணச் சீட்டுகள் 13, அவற்றில் சிவப்பு 8. அழுக்கான படச் சீட்டுகள் 7, அவற்றில் சிவப்பு 4. சுத்தமான சாதாரணச் சீட்டுகள் 27, அவற்றில் சிவப்பு 12. சுத்தமான படச் சீட்டுகள் 5, அவற்றில் சிவப்பு 2. சிகிச்சைக் கதையில் வந்த அதே எண்கள்!

பிரித்துப் பார்த்தால், இரண்டு குவியலிலும் சாதாரணச் சீட்டில்தான் சிவப்பு அதிகம் என்று தெரிகிறது. அது முழுப் பொய். கட்டு அச்சாகி வந்தபோதே இரண்டிலும் சரிபாதிதான். இங்கே மொத்தக் கணக்குதான் சரி, பிரித்த கணக்கு ஏமாற்றுகிறது.

ஒரே எண்கள். ஒரு கதையில் பிரிக்க வேண்டும், இன்னொரு கதையில் பிரிக்கக் கூடாது. எந்தக் கணக்கை நம்புவது என்பதை எண்களை மட்டும் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அதைத்தான் சிம்ப்சன் காட்டினார்.

முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா?

பிறகு எப்படித்தான் முடிவெடுப்பது? எதை வைத்துப் பிரிக்கிறோமோ, அது எப்போது வந்தது என்று கேட்பதுதான் நல்ல தொடக்கம்.

விக்கம் பெண்களின் வயதை சிகரெட் தீர்மானிக்கவில்லை. அவர்கள் எப்போது பிறந்தார்கள் என்பது முதலில் நடந்தது. அதுதான் அவர்கள் புகைப்பவர்களாக ஆவார்களா என்பதையும் பாதித்தது, 20 ஆண்டுகளில் இறப்பார்களா என்பதையும் பாதித்தது. இப்படி முன்னால் நின்று இரண்டு பக்கமும் கயிறு இழுக்கும் காரணம் இருந்தால், அதை வைத்துப் பிரிக்க வேண்டும். சிகிச்சைக் கதையில் ஆண், பெண் என்பதும் அப்படித்தான்.

சீட்டுக்கட்டில் அழுக்கு முன்னால் வரவில்லை. நிறமும் படமும் முன்பே இருந்தன. அவற்றின் விளைவாகத்தான் குழந்தையின் கை பட்டு அழுக்கு வந்தது. விளைவை வைத்துப் பிரித்தால் இல்லாத சம்பந்தம் முளைத்துவிடும், சில சமயம் இருக்கிற சம்பந்தமும் மறைந்துவிடும்.

இதை மறுபடியும் விக்கத்துக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். யாராவது அந்தப் பெண்களை வயதுக்குப் பதிலாக, ‘பின்னாளில் நுரையீரல் நோய் வந்தவர்கள், வராதவர்கள்’ என்று பிரித்திருந்தால்? நோய் வந்தவர்களுக்குள் புகைத்தவரையும் புகைக்காதவரையும் ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். காரணம் எளிது. சிகரெட் கொல்லும் முக்கிய வழிகளில் ஒன்று நுரையீரல் நோய். அந்த நோயை இரண்டு பக்கமும் சமமாக வைத்துவிட்டு ஒப்பிடுவது, திருடன் வந்த வாசலை மூடிவிட்டுத் திருட்டே நடக்கவில்லை என்று சொல்வதுபோல. வயதை வைத்துப் பிரித்தது உண்மையை வெளியே கொண்டுவந்தது. நோயை வைத்துப் பிரித்திருந்தால் உண்மை உள்ளே போயிருக்கும்.

செல்பேசியில் ஒரு கணக்கு வரும்போது

‘இதைச் செய்தவர்களில் இத்தனை சதவிகிதம், செய்யாதவர்களில் இத்தனை சதவிகிதம்’ என்று ஒரு தகவல் வந்தால், விக்கம் கணக்கை மனதில் வைத்து இரண்டு விஷயங்களைக் கேட்கலாம்.

முதலாவது, இரண்டு பக்கமும் இருப்பவர்கள் ஒரே மாதிரி ஆட்கள்தானா? வயது, நோயின் கடுமை, வேலையின் சிரமம் போன்ற ஏதாவது ஒன்றில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? இரண்டாவது, சாய்ந்திருக்கும் அந்த ஒன்று, முடிவைத் தன்னளவிலேயே பாதிக்கக்கூடியதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் மட்டுமே மொத்தக் கணக்கு தலைகீழாகும் ஆபத்து உண்டு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆபத்து இல்லை. விக்கத்தில் இரண்டு கூட்டங்களிலும் வயது ஒரே விகிதத்தில் இருந்திருந்தால், பிரித்தாலும் சேர்த்தாலும் விடை ஒரே திசையில்தான் வந்திருக்கும்.

மருந்துகளைச் சோதிக்கும்போது யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வதும் இதற்காகத்தான். நாணயம் சுண்டிப் பிரித்தால், வயதானவர்களும் இளையவர்களும், தெரிந்த காரணங்களும் தெரியாத காரணங்களும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும். ஆனால் 20 ஆண்டுகள் சிகரெட் பிடிக்கச் சொல்லி நாணயம் சுண்டி ஆட்களை அனுப்ப முடியாது. அதனால்தான் புகை போன்ற விஷயங்களில் இருக்கிற கணக்கைக் கவனமாகப் பிரித்துப் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

விக்கம் கணக்கை 1996-ல் பார்த்த மூவருக்கும் ஒரு வசதி இருந்தது. சிகரெட் கெடுதல் என்பது அதற்குள் பல ஆய்வுகளில் உறுதியாகியிருந்தது. அதனால் முதல் விடையைப் பார்த்ததுமே எங்கோ இடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. வயதைத் தேடிப் போனார்கள். இதுவே சிகரெட்டாக இல்லாமல், யாரும் முன்பு சோதித்துப் பார்க்காத ஒரு புது மாத்திரையாகவோ புது உணவாகவோ இருந்திருந்தால்? 100-க்கு 24, 100-க்கு 31 என்ற அந்த இரண்டு வரிகளோடு கணக்கு முடிந்திருக்கும். ‘உயிரைக் காக்கிறது’ என்ற தலைப்போடு அது ஊரெல்லாம் சுற்றி வந்திருக்கும். அந்த 1,314 பெண்களின் வயது மட்டும் யாரும் திறக்காத ஒரு கோப்பில் கிடந்திருக்கும்.